பூர்வாங்கச் செலவை ஐந்து வருடம் இழுக்கலாமா? மாமாவின் சிவப்பு மைக் கணக்கு

கிராணி மருமகள் · 9.2.2025, இரவு 10.40

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாமனார் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 2023 மார்ச்சில் பழைய லயத்துக் குடும்பங்கள் பத்தைச் சேர்த்து ஒரு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி, தொடங்கினார். மாவு மில். குடும்பத்துக்குப் பத்தாயிரம் வெள்ளி, ஒரு வெள்ளிப் பங்கு, மொத்தம் ஒரு லட்சம். முதல் வருடக் கணக்கை அவரே கையால் எழுதினார். இரண்டாவது வருடம் என் கைக்கு வந்திருக்கிறது.

இருப்பு நிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் ஒரு வரி: "பூர்வாங்கச் செலவு 9,600". கம்பெனி தொடங்க 12,000 வெள்ளி செலவு. அதை ஐந்தாகப் பிரித்து 2023-இல் 2,400 மட்டும் செலவாகப் போக்கெழுதியிருக்கிறார். பேரேட்டில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் "5 ஆண்டு, 2027-இல் முடியும்" என்று குறித்து, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்.

இந்த வருடம் வங்கிக் கடன் கேட்கிறோம். வங்கி தணிக்கை செய்த கணக்கு கேட்கிறது. புதிதாக வந்த ஆடிட்டர் அந்த வரியைப் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார், காரணம் எழுதவில்லை. மாமா செய்தது தப்பா?

கோப்பெங் வாத்தியார் · 10.2.2025

தப்பே இல்லை. முப்பது வருடம் வணிகவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பூர்வாங்கச் செலவு கற்பனைச் சொத்து. அதன் பலன் பல ஆண்டுக்கு வரும். ஆகவே மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் இலாப நட்டக் கணக்கில் சிறிது சிறிதாகப் போக்கெழுத வேண்டும். பங்கு வெளியீட்டுச் செலவுக்கும் அதே விதிதான். பங்கை முகமதிப்புக்கு மேல் விற்று வந்த பங்கு முனைமம் இருந்தால் அதில் ஒரேயடியாகக் கழிக்கலாம். உங்கள் மாமாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

லாரி தம்பி · 10.2.2025

அக்கா, நானும் இதையே கேட்க நினைத்தேன். குலை ஏற்றும் லாரிக்கு முன்பணம் 18,000 கட்டினேன். அதுவும் தொழில் ஆரம்பிக்கப் போட்ட காசுதானே, ஐந்து வருடம் போடலாமா? என்னுடையது கம்பெனி இல்லை, தொழில் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் வருடம் 60 வெள்ளி கட்டும் எண்டர்பிரைஸ்.

கிராணி மருமகள் · 10.2.2025

தம்பி, உங்களுடையது வேறு. லாரி கண்ணுக்கு முன் நிற்கிறது. தேய்கிற வரை அது சொத்துதான், தேய்மானம் போடுங்கள். வரிக்கு அதற்குத் தனிக் கழிவு உண்டு, அதை வரி ஏஜெண்டிடம் கேளுங்கள். முன்பணமும் லாரி விலையில் ஒரு பகுதிதான். நான் கேட்பது கம்பெனி என்ற ஆள் பிறக்க ஆன செலவு. பிறந்தபின் அதில் தொட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாது.

வாத்தியார் ஐயா, நன்றி. மாமாவிடம் வாசித்துக் காட்டினேன், முகம் மலர்ந்துவிட்டது.

ஈப்போ ஆடிட் · 12.2.2025

தைப்பூசம் முடிந்து இன்றுதான் பார்த்தேன். தங்கச்சி, ஆடிட்டர் வட்டம் போட்டது சரி. வாத்தியார் ஐயா சொன்னது ஒரு காலத்துப் பாடம், இன்றைக்கு இங்கே செல்லாது.

தனியார் கம்பெனிகள் எம்பெர்ஸ் என்ற தரநிலையைப் பின்பற்றுகின்றன. 1.1.2016 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 18-ஆம் பிரிவு, கம்பெனியை நிறுவ ஆகும் லாயர், செகரட்டரி செலவு, கடை திறக்குமுன் ஆகும் செலவு எல்லாவற்றையும் ஆன அந்த வருடமே செலவாக எழுதச் சொல்கிறது. பெரிய கம்பெனிகளின் எம்எஃப்ஆர்எஸ் 138-ம் அதையேதான் சொல்கிறது. 2016-க்கு முன்பும் கதை வேறல்ல. பழைய தனியார் தரநிலைகளில் பூர்வாங்கச் செலவுக்கென்றே ஐபி-1 என்று ஒரு விளக்கம் இருந்தது, அதுவும் உடனே செலவெழுது என்றுதான் சொன்னது. ஆனால் சின்னக் கம்பெனிகளின் பேரேடுகளில் "இன்னும் போக்கெழுதாதது" என்ற வரி வெகு காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. நானே எத்தனையோ பேரேட்டில் பார்த்திருக்கிறேன்.

பலன் பல ஆண்டுக்கு வரும் என்பதில் பொய் இல்லை. ஆனால் சொத்து என்றால் அந்தப் பலன் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், பிரித்துக் காட்ட முடிய வேண்டும். பதிவுக் கட்டணத்தை யாரிடம் விற்பீர்கள்? மில்லை நாளைக்கே மூடினால் அந்த 9,600-இல் எத்தனை வெள்ளி திரும்பும்?

சேலம் கணக்கன் · 12.2.2025

ஐந்து ஆண்டு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். எங்கள் பக்கம், இந்தியாவில், 1961 வருமான வரிச் சட்டத்தில் 35டி என்று ஒரு பிரிவு, ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழிவு. 1998-க்கு முன் பத்தில் ஒரு பங்கு, பத்து ஆண்டு. அது வரிக்கு. கணக்கேட்டில் இங்கேயும் ஏஎஸ் 26 என்ற தரநிலை வந்த பிறகு உடனே செலவெழுத வேண்டும். பழைய பாடநூல்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டன. படித்தவர்களுக்கு ஐந்து என்ற எண் மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

கிராணி மருமகள் · 13.2.2025, காலை

ராத்திரி தூங்கவில்லை. மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. காலையில் காப்பி கொடுத்துவிட்டுக் கேட்டேன், "மாமா, ஏன் ஐந்து வருடம் போட்டீங்க?" என்று. அவர் சொன்ன பதிலில் புத்தகமே இல்லை. "முதல் வருடமே நட்டம் காட்டினால் இந்த ஜனங்க பயந்துடும்மா. ஒவ்வொருத்தரும் இபிஎப் காசை எடுத்துப் போட்டிருக்காங்க" என்றார்.

இனி எண்களை வைக்கிறேன். 12,000 போன வழி இது. எஸ்எஸ்எம் பதிவு 1,000. செகரட்டரிக்கு 1,500. பங்குதாரர் ஒப்பந்தம் எழுதின லாயருக்கு 2,500. முத்திரை, பங்குச் சான்றிதழ், சீல் 400. மண்டபமும் சாப்பாடும் 1,600. கெடாவில் மில்களைப் பார்க்கப் போய்வந்தது 2,000. திறக்குமுன் இரண்டு மாத வாடகையும் ஒரு ஆள் சம்பளமும் 3,000. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது, மாமா அதில் கெட்டி.

2023-இல் அவர் காட்டின இலாபம் 6,800. அது 2,400 கழித்தபின் வந்தது. மிச்சம் 9,600-ஐயும் அந்த வருடமே கழித்தால் 2,800 நட்டம்.

கிராணி மருமகள் · 13.2.2025, மதியம்

மேலே எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன். 2024 ஏப்ரலில், புத்தாண்டுக்கு முன்னால், குடும்பத்துக்கு 500 வீதம் 5,000 வெள்ளி ஈவுத்தொகை கொடுத்தோம். 6,800 இலாபத்தைப் பார்த்துத்தான் கொடுத்தோம். அந்த இலாபம் இல்லை என்றால் கொடுத்தது எதிலிருந்து?

ஈப்போ ஆடிட் · 13.2.2025

அதனால்தான் இந்த வரியைப் பார்த்தால் நாங்கள் விடுவதில்லை. 2016 கம்பெனிச் சட்டம், 131-ஆம் பிரிவு. இலாபத்திலிருந்துதான் ஈவுத்தொகை, கம்பெனி கடன் தீர்க்கும் நிலையிலும் இருக்க வேண்டும். கொடுத்தபின் வரும் 12 மாதக் கடன்களைக் கட்ட முடியுமா என்று டைரக்டர்கள் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

பதறாதீர்கள். 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரை மில் எவ்வளவு சம்பாதித்தது? 2,800 பள்ளத்தை நிரப்பி அதற்கு மேல் 5,000 இருந்தால் ஒரு வாதம் உண்டு. மாதக் கணக்கு இருக்கிறதா?

கிராணி மருமகள் · 13.2.2025

விற்பனைச் சீட்டு மாதவாரியாக இருக்கிறது. மின்கட்டணம், சம்பளமும் இருக்கிறது. சரக்கிருப்பு மட்டும் ஏப்ரலில் எண்ணவில்லை. எண்ணாமல் நான்கு மாத இலாபத்தை எப்படி உறுதியாகச் சொல்வது?

கோப்பெங் வாத்தியார் · 14.2.2025

எம்பெர்ஸ் 18-ஐ என் பேரனை வைத்துப் படித்தேன். தொடக்கச் செலவு விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். இத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னேனே என்று வருத்தமாக இருக்கிறது. ஆனால் பங்கு முனைமத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். 1965 கம்பெனிச் சட்டம் 60-ஆம் பிரிவு, பூர்வாங்கச் செலவையும் பங்கு வெளியீட்டுச் செலவையும் முனைமக் கணக்கில் போக்கெழுத அனுமதித்தது. இது பாடநூல் இல்லை, சட்டம்.

ஈப்போ ஆடிட் · 14.2.2025

ஐயா, அந்தச் சட்டம் போய்விட்டது. 31.1.2017-இல் 2016 சட்டம் நடப்புக்கு வந்தது. பங்குக்கு முகமதிப்பே இல்லை என்றது. முகமதிப்பு இல்லையென்றால் அதற்கு மேல் வாங்கும் முனைமமும் இல்லை. ஏற்கெனவே கணக்கில் கிடந்த முனைமம் பங்கு மூலதனத்தோடு சேர்ந்துவிட்டது. அதைப் பழைய வழியில் பயன்படுத்த 618-ஆம் பிரிவு 24 மாத அவகாசம் கொடுத்தது, அதுவும் 30.1.2019-உடன் முடிந்தது. இந்த மாவு மில் 2023-இல் பிறந்தது. அதற்கு முனைமக் கணக்கு எப்போதும் இருந்ததில்லை.

கிராணி மருமகள் · 16.2.2025

இரண்டாவது சிக்கலும் இதே மாதிரிதான். 2024 ஆகஸ்டில் புதிதாக ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஆளுக்குப் பத்தாயிரம் பங்கு, பங்கு 2 வெள்ளி. மொத்தம் ஒரு லட்சம் வந்தது. அதற்காக 9,000 வெள்ளி செலவு. மாமா அதையும் ஐந்தாகப் பிரித்து 1,800 போக்கெழுதி, 7,200-ஐச் சொத்தாக வைக்கச் சொல்லியிருக்கிறார்.

ஆடிட் அக்கா சொன்னதை வைத்து நானே யோசித்தேன். பங்கு வெளியீட்டுச் செலவு இலாப நட்டத்துக்கே போகாது, உரிமையாளர் பணத்திலிருந்து நேராகக் கழிய வேண்டும். எம்பெர்ஸ் 22 அப்படித்தான் சொல்கிறது. பங்குதாரர் கொடுத்தது ஒரு லட்சம், கைக்கு வந்து சேர்ந்தது 91,000. இது வியாபாரத்தில் வந்த நட்டம் இல்லையே. எனவே 9,000-ஐயும் மூலதனத்தில் கழித்துவிட்டேன்.

ஈப்போ ஆடிட் · 16.2.2025

நில்லுங்கள். 9,000 எதெதற்கு?

கிராணி மருமகள் · 16.2.2025

பங்கு ஒப்பந்தத்துக்கு லாயர் 2,400. பங்கு ஒதுக்கீட்டை 14 நாளுக்குள் எஸ்எஸ்எம்முக்குத் தெரிவிக்கும் பாரம், தீர்மானம், சான்றிதழ், செகரட்டரி பில் 600. புதியவர்களுக்கு விருந்தும் மாமா ஓடிய பெட்ரோலும் 2,000. அப்புறம் ஒரு 4,000. அது ஜூன் மாதம் ஈப்போவில் ஒரு முதலாளி பெரிய பங்கு எடுப்பதாகச் சொல்லி, அவர் கேட்டபடி மில்லை மதிப்பிட்டு அறிக்கை எழுதக் கொடுத்தது. அறிக்கை வந்தது, அவர் வரவில்லை.

ஈப்போ ஆடிட் · 17.2.2025

அப்படியானால் உங்கள் திருத்தத்துக்கு ஒரு திருத்தம். உரிமையாளர் பணத்தில் கழிக்கலாம் என்பது அந்த வெளியீட்டுக்காகவே நேராக ஆன செலவை மட்டும். வெளியீடு நடக்காவிட்டால் இந்தச் செலவு ஆகியிருக்குமா என்று ஒவ்வொரு பில்லையும் கையில் எடுத்துக் கேளுங்கள். லாயர் 2,400, செகரட்டரி 600 தேறும். 3,000. விருந்தும் பெட்ரோலும் பங்கு ஒதுக்கத் தேவைப்பட்டவை இல்லை, இலாப நட்டத்துக்குப் போகட்டும். அந்த 4,000 நிச்சயமாகச் செலவு. கைவிடப்பட்ட வெளியீட்டுக்கு ஆனதைக் கழிக்கப் பங்கே வெளியாகவில்லையே.

இதில்தான் பலர் சறுக்குவார்கள். முதலில் எல்லாவற்றையும் சொத்தில் வைப்பார்கள். தப்பு என்று சொன்னால் எல்லாவற்றையும் மூலதனத்தில் தள்ளுவார்கள். இரண்டு வழியிலும் இலாபம் அழகாக இருக்கும்.

கிராணி மருமகள் · 17.2.2025, இரவு

சரிதான். நானும் அதைத்தான் செய்தேன். மாமா ஐந்து வருடத்துக்குத் தள்ளினார், நான் மூலதனத்துக்குத் தள்ளினேன்.

புதிதாகப் போட்டுப் பார்த்தேன், வரி சேர்க்காமல். இந்தச் செலவுகளுக்கு முன் 2024-இல் மில்லின் இலாபம் 21,000. மாமா வழியில் 2,400-ம் 1,800-ம் கழித்து 16,800. சரியான வழியில் பூர்வாங்கச் செலவுக்கு இந்த வருடம் ஒன்றுமே இல்லை, அது 2023-லேயே தீர்ந்தது. 6,000 மட்டும் கழித்து 15,000. 2024-ஐ மட்டும் பார்த்தால் வித்தியாசம் 1,800 தான், பயந்த அளவு இல்லை.

ஆனால் சேர்த்து வைத்த இலாபத்தைப் பாருங்கள். மாமா கணக்கில் 6,800, ஈவுத்தொகை போக 1,800, இந்த வருடத்தோடு 18,600. சரியான கணக்கில் 2,800 பள்ளம், ஈவுத்தொகையோடு 7,800 பள்ளம், இந்த வருடம் 15,000 வந்து நிற்பது 7,200. வங்கிக்குப் போவது இந்த 7,200.

லாரி தம்பி · 18.2.2025

அக்கா, 18,600-க்கும் 7,200-க்கும் நடுவில் 11,400 எங்கே போனது? யாராவது எடுத்துவிட்டார்களா?

கிராணி மருமகள் · 18.2.2025

நல்ல கேள்வி தம்பி, மாமாவும் இதையேதான் கேட்டார். யாரும் எடுக்கவில்லை, காசு என்றைக்கோ செலவாகிவிட்டது. மாமா சொத்து என்று வைத்திருந்த இரண்டு வரி, 7,200-ம் 7,200-ம், மொத்தம் 14,400 அழிகிறது. அதில் 3,000 மட்டும் மூலதனத்தில் கழிகிறது. மிச்சம் 11,400 இலாபத்திலிருந்து போகிறது.

வங்கிக் கணக்கில் ஒரு காசு மாறவில்லை என்று பாஸ்புக்கைத் திறந்து காட்டிய பிறகுதான் மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

கம்பார் பங்குதாரர் · 20.2.2025

நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த ஐந்து பேர் பங்குக்கு 2 வெள்ளி கொடுத்தார்களே, எந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தார்கள்? இலாபம் 6,800 என்ற கணக்கைத்தானே? என் அம்மா இப்படித்தான் ஒரு கம்பெனியில் சேமிப்பைப் போட்டார். பிறகுதான் சொத்துப் பட்டியலில் பாதி காகிதச் செலவு என்று தெரிந்தது.

கிராணி மருமகள் · 20.2.2025

கோபம் இல்லை. எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

கிராணி மருமகள் · 21.2.2025

நேற்றுச் சொன்னதை மறுபடி யோசித்தேன். அவர்களிடம் கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு பக்கம். "நிகர சொத்து 1,06,800" என்று இருந்தது. மூலதனம் ஒரு லட்சமும் இலாபமும். ஐந்து வருடக் குறிப்பு அதில் இல்லை, மாமாவின் பேரேட்டில் மட்டும்தான் இருந்தது. சரியான எண் 97,200. மில்லின் வளர்ச்சியை நம்பித்தான் 2 வெள்ளி கொடுத்தோம் என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் போட்ட காசு கரையவில்லை என்று அந்தத் தாள் சொன்னது, உண்மையில் கரைந்திருந்தது. அவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஈப்போ ஆடிட் · 22.2.2025

சொல்வதுதான் சரி. கணக்கிலும் ஒளிக்க முடியாது. 2023-இல் நடந்த பிழையை 2024 செலவில் சத்தமில்லாமல் நுழைக்கக் கூடாது. இலாபத்தை நட்டமாக்கும் பிழை சின்னப் பிழை இல்லை. 2023 எண்களைத் திருத்தி, 2024 கணக்கில் பக்கத்துப் பத்தியில் திருத்தியதாகவே காட்டி, என்ன பிழை, எவ்வளவு என்று குறிப்பு எழுத வேண்டும். 1.1.2024 தொடக்க இருப்பில் 9,600 குறையும்.

கோப்பெங் வாத்தியார் · 23.2.2025

சுங்கை சிப்புட் என்றதும் எனக்குத் துன் சம்பந்தன்தான் நினைவுக்கு வருகிறார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். பால்மரம் சீவியவர்கள் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பங்கு எடுத்தார்கள். என் அப்பாவும் எடுத்தார். பங்கு என்றால் எங்களுக்கு அது ஒரு வீட்டுப் பத்திரம் மாதிரி. நீங்கள் கம்பெனிக்குப் பதில் கூட்டுறவாக வைத்திருந்தால் இந்தத் தொல்லை இருந்திருக்காதோ?

ஈப்போ ஆடிட் · 23.2.2025

கூட்டுறவுக்கு வேறு சட்டம், 1993-ஆம் வருடத்தது. தொல்லை வேறு உருவத்தில் வரும் ஐயா. தொடங்கும் செலவு அங்கேயும் செலவுதான்.

கிராணி மருமகள் · 2.3.2025

வரிக்கு என்ன தேறும் என்று பார்த்தேன். கணக்கில் உடனே செலவெழுதியதெல்லாம் வரியிலும் கழியும் என்று முதலில் நினைத்தேன். அது வேறு ஏற்பாடு. 2.5 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாத மூலதனமுள்ள கம்பெனிகளுக்கு 2003-இல் வந்த விதி சில குறிப்பிட்ட நிறுவனச் செலவுகளைக் கழிக்க விடுகிறது. பதிவு, ஆவணம் தயாரிப்பு, முத்திரை, பங்குச் சான்றிதழ், சீல், பூர்வாங்க ஒப்பந்தம் போன்றவை. சாப்பாடு, கெடா பயணம், திறக்குமுன் வாடகை, சம்பளம் இதில் வராது. ஆக 12,000-இல் அதிகபட்சம் 5,400. அதிலும் பங்குதாரர் ஒப்பந்தம் 2,500 பூர்வாங்க ஒப்பந்தம் ஆகுமா என்பதில் எங்கள் வரி ஏஜெண்டுக்கும் ஆடிட்டருக்கும் ஒத்துப்போகவில்லை. 2024 வெளியீட்டுச் செலவு 3,000 மூலதனச் செலவு, கழியாது. அதில் இருவருக்கும் ஒரே கருத்து.

கிராணி மருமகள் · 24.3.2025

நேற்று ஞாயிறு, கோயில் மண்டபத்தில் கூட்டம். பதினைந்து பங்குதாரரில் பதின்மூன்று பேர் வந்தார்கள். நான் பேசுவதாக இருந்தது. மாமா எழுந்து, "நான் எழுதினது, நானே சொல்றேன்" என்று பேரேட்டை மேசையில் விரித்தார். சிவப்பு மைப் பக்கத்தை எல்லாருக்கும் காட்டினார். பழைய 9,600-ஐ அழிக்கவில்லை. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் வைத்திருந்தார்.

ஆகஸ்டில் சேர்ந்தவர்களில் ஒரு அக்கா மட்டும் கேட்டார், "அப்போ இதைக் காட்டியிருந்தா நான் ஒண்ணரை வெள்ளிதான் கொடுத்திருப்பேன்" என்று. மண்டபமே அமைதியாகிவிட்டது. அந்த ஐந்து பேரும் தனியாகப் பேசி ஏப்ரலில் பதில் சொல்வதாக இருக்கிறது. ஈவுத்தொகை விஷயத்தில், நிலைமை தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவர்களிடம் திருப்பிக் கேட்பதில்லை என்று லாயர் சொன்னதை வாசித்தேன். இருந்தும் இரண்டு பாட்டிகள் 500 வெள்ளியைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்கள். வாங்கவில்லை.

ஈப்போ ஆடிட் · 24.3.2025

அந்த 3,000-ஐப் பங்கு மூலதனத்திலிருந்தே கழித்தீர்களா, சேர்த்து வைத்த இலாபத்திலிருந்தா? தரநிலை உரிமையாளர் பணம் என்று மட்டும் சொல்கிறது, எந்த வரி என்று சொல்லவில்லை. மூலதனத்தைக் குறைக்கச் சட்டத்தில் தனி வழிமுறை இருப்பதால், மூலதனத்தைத் தொடாமல் இலாபத்தில் கழிப்பதே மேல் என்று ஒரு சாரார். வந்து சேர்ந்த நிகரத் தொகைதான் மூலதனம், இது குறைப்பே இல்லை என்று இன்னொரு சாரார். நான் இரண்டாவது கட்சி. ஆனால் உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கிராணி மருமகள் · 25.3.2025

கேட்டேன். அவர் முதல் கட்சி. அப்படிப் போட்டால் மூலதனம் 2,00,000 அப்படியே நிற்கும், சேர்த்து வைத்த இலாபம் 7,200 இல்லை, 4,200. வங்கிக்கு மொத்தத்தில் ஒன்றுதான், ஆனால் அடுத்த ஈவுத்தொகைக்கு 3,000 குறைவு. மாமா 4,200-ஐயே எழுதச் சொல்லிவிட்டார். இந்த முறை நீல மை.